பேரை அடிச்சிட்டா ஆள் மறைஞ்சிடுவாங்களா?

இந்த வாரம் முழுக்க கேஸ் ரெக்கார்ட் திருத்துற வேலை. மூணாம் வருஷப் பிள்ளைங்க மெடிசின் போஸ்டிங் முடிச்சு எழுதிக் கொடுத்தது.

பாதிக்கு மேல ஒரே மாதிரி. நோயாளி பேர் இருக்கிற இடத்துல கறுப்பு மை. நல்லா அழுத்தி அடிச்சிருக்காங்க. அதுக்கு அடுத்த வரியிலேயே வீட்டுக்காரர் பேரு, ஊரு, தொழில், வார்டு, எத்தனாவது பெட், என்னிக்கு அட்மிஷன்.

எரிச்சலா இருந்துச்சு. பிள்ளைங்க மேல இல்லை. "பேரை எடுத்துட்டு எழுதுங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு நகர்ந்துடுற நம்ம வழக்கத்து மேல. ஏட்காம் வகுப்புல ரகசியம் காக்கணும்னு சொல்லிக் கொடுக்கிறோம். ஆனா ஒரு பக்க ஹிஸ்டரியைக் கையில கொடுத்து, எந்த வரியை வெக்கணும், எந்த வரியை எடுக்கணும்னு கூட உட்கார்ந்து காட்டுறது ரொம்பக் குறைவு.

அதைத்தான் இங்க செஞ்சு பார்க்கலாம்னு இருக்கேன். ஒரே ஒரு கேஸ், வரி வரியா.

(கீழ வர்ற பெண்மணி எந்த ஒரு நோயாளியும் இல்லை. பாடத்துக்காக நான் கட்டினவங்க. கட்டின கேஸ்னா கட்டினதுன்னு சொல்லிடணும், அதுவும் நேர்மையில ஒரு பகுதி.)

மைட்ரல் ஸ்டீனோசிஸ். சின்ன வயசுல வந்த ருமாட்டிக் காய்ச்சல் இதயத்தோட மைட்ரல் வால்வைச் சுருக்கிடும். பல வருஷம் சத்தமில்லாம இருந்துட்டு, கர்ப்ப காலத்துல மூச்சுத் திணறலா வெளிய வரும். நம்ம ஊர்ல பரீட்சைக்கு வைக்கிற கேஸ்கள்ல முக்கியமானது. மாணவர் எழுதின ஹிஸ்டரி இப்படித் தொடங்குதுன்னு வெச்சுக்கோங்க (இங்கிலீஷ்ல எழுதினதைத் தமிழ்ல சொல்றேன்):

"28 வயது மு.செ., இன்னாரின் மனைவி, இன்ன மீனவர் குப்பம். மகளிர் சுய உதவிக் குழுத் தலைவி. மீனை ஏலம் எடுத்து, கூடையில் தலைச்சுமையாகச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பவர். 28 வாரக் கர்ப்பம். இன்ன தேதி மாலை கோயில் கொடியேற்றத்தின்போது கூட்டத்தில் மூச்சுத் திணறி விழுந்து, 108 ஆம்புலன்ஸில் கொண்டுவரப்பட்டார். இது மூன்றாவது கர்ப்பம். 19 வயதில், இந்தத் திருமணத்துக்கு முன்பு, ஒரு கருக்கலைப்பு."

பேர் இல்லை. சரி. அந்தக் குப்பத்துல இதை யார் படிச்சாலும் எவ்வளவு நேரம் ஆகும், யார்னு கண்டுபிடிக்க?

கொடியேற்றத்துல மூச்சுத் திணறி விழுந்த கர்ப்பிணி எத்தனை பேர் இருப்பாங்க? ஊரே பார்த்திருக்கும். அவங்க யார்னு தெரிஞ்ச அடுத்த நொடி, கடைசி வரியும் தெரிஞ்சிடும். யார்கிட்டயும் சொல்லாம, புருஷன் வெளிய போயிருந்த நேரமாப் பார்த்து, வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பொண்ணை நம்பி அவங்க சொன்ன வரி அது.

இது என் கற்பனை பயம் இல்லை. 1990கள்ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியர்களோட ஆஸ்பத்திரி விவரங்களை, பேரையும் முகவரியையும் நீக்கிட்டு ஆராய்ச்சிக்குக் கொடுத்தாங்க. ஆனா பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீட்டு எண் மூணும் உள்ளயே இருந்துச்சு. யாரையும் அடையாளம் காண முடியாதுன்னு ஆளுநர் வில்லியம் வெல்ட் உறுதி சொன்னாரு. அந்த ஆளுநரே 1996-ல ஒரு பொது விழாவுல மயங்கி விழுந்தவர். லதான்யா ஸ்வீனி அப்போ எம்.ஐ.டி. மாணவி. 20 டாலர் கொடுத்து ஆளுநர் குடியிருந்த நகரத்து வாக்காளர் பட்டியலை வாங்கினாங்க. ஆளுநரோட பிறந்த தேதி இருந்தவங்க ஆறு பேர். அதுல ஆண்கள் மூணு பேர். அவரோட அஞ்சல் எண்ல இருந்தது ஒரே ஒருத்தர். அவரோட மருத்துவ விவரம் வெளிய வந்துடுச்சு.

கவனிங்க, அந்த மூணுல எதுவுமே தனியா ரகசியம் இல்லை. சேர்ந்தப்போதான் ஆளைக் காட்டுச்சு. நம்ம ஹிஸ்டரியிலயும் அதேதான். மீன் விக்கிறவங்க ஆயிரம் பேர். 28 வயசுக்காரங்க லட்சம் பேர். மீன் வித்து, குழுத் தலைவியா இருந்து, கர்ப்பமா இருந்து, திருவிழாவுல விழுந்தவங்க ஒருத்தர்தான்.

சரி, எல்லாத்தையும் எடுத்துடலாமா? அங்கதான் விஷயமே இருக்கு.

எல்லாத்தையும் எடுத்தா "ஒரு பெண்ணுக்கு மூச்சுத் திணறல்"னு ஒரு வரி மிஞ்சும். அது கேஸ் ரிப்போர்ட் இல்லை. ஒவ்வொரு விவரத்தையும் பிடிச்சு ஒரே கேள்வி கேட்கணும்: இது நோயைப் புரிஞ்சுக்க என்ன வேலை செய்யுது? அந்த வேலையை மட்டும் வெச்சுக்கிட்டு மிச்சத்தை விட்டுடணும்.

முதல்ல பேரும் இனிஷியலும். மருத்துவத்துக்கு எந்த வேலையும் செய்யலை, ரெண்டும் போகட்டும். இனிஷியல் பாதுகாப்புன்னு ரொம்ப பேர் நம்புறாங்க. நம்ம ஊர்ல இனிஷியல்னா அப்பா பேரோ புருஷன் பேரோதான். ஊர் பேரோட சேர்ந்தா அது பாதி முகவரி.

வயசு? கர்ப்பம், ருமாட்டிக் நோய் ரெண்டுக்கும் முக்கியம். அசைன்மென்ட்ல 28-னே இருக்கட்டும். பின்னாடி எங்கயாவது பிரசுரம் ஆகும்னா "இருபதுகளின் பிற்பகுதி" போதும். சிகிச்சையில எதுவும் மாறப் போறதில்லை.

ஊரு. இங்க கொஞ்சம் யோசிக்கணும். ருமாட்டிக் காய்ச்சல் தொண்டைப் புண்ல இருந்து தொடங்குறது. நெருக்கமா வாழ்ற இடத்துல அந்தக் கிருமி சுலபமாப் பரவும். அதனால இடத்தோட நெருக்கம் வேணும். மூணு வாரத்துக்கு ஒருக்கா பென்சிலின் ஊசி போட வரணும், திடீர்னு மூச்சு முட்டினா ஓடி வரணும். அதனால ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்ங்கிறதும் வேணும். கடல் வேணுமா? இந்த நோய்க்கு வேண்டாம். ஆக: "ஒரே அறையில் ஆறு பேர் வசிக்கும் வீடு, மருத்துவமனை பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவு." குப்பத்தோட பேரை விட இது ஒரு டாக்டருக்கு நிறையச் சொல்லுது!

தொழில் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். குழுத் தலைவிங்கிற பதவி போகட்டும். ஆனா தலைச்சுமை போகவே கூடாது. ஏன்னா இவங்களுக்கு எவ்வளவு வேலை செஞ்சா மூச்சு வாங்குதுங்கிறதை வெச்சுத்தான் நோயோட கடுமையைத் தரம் பிரிக்கிறோம். கர்ப்பத்துக்கு முன்னாடி கூடையோட ஒரு கிலோமீட்டர் நடந்தவங்க, இப்போ வெறும் கையோட பாத்ரூம் போய் வர்றதுக்குள்ள நிக்கிறாங்கன்னா, அந்த வித்தியாசம்தான் உங்க ஹிஸ்டரியோட உயிர். "தலையில் சுமையுடன் நடந்து செய்யும் வேலை"ன்னு எழுதுங்க. மீன் தேவையில்லை.

திருவிழா. அதுல மருத்துவம் என்ன இருக்கு? ரொம்ப நேரம் நின்னது, புழுக்கம், கூட்ட நெரிசல், அதனால இதயத் துடிப்பு ஏறினது. துடிப்பு ஏறினா இதயம் தளர்ந்து நிரம்புற நேரம் குறையும். சுருங்கின வால்வு வழியா ரத்தம் இறங்க நேரம் போதாது. பின்னாடி தேங்கி நுரையீரல்ல நீர் கோர்க்கும். அதனால, "நெரிசலான இடத்தில் நீண்ட நேரம் நின்றிருந்தபோது" போதும். காரணம் உள்ள நிக்குது, ஊர் பார்த்த காட்சி வெளிய போயிடுது.

தேதி எதுவும் வேண்டாம். அட்மிஷன் நாள்தான் முதல் நாள். மத்ததெல்லாம் அதுல இருந்து எண்ணிக்கோங்க: "ரெண்டு வாரத்துக்கு முன்னாடி இருமல்", "மூணாம் நாள் எக்கோ". நோயோட நடை இடைவெளியிலதான் இருக்கு, காலண்டர்ல இல்லை. (தேதியை எடுத்துட்டு "பொங்கலுக்கு மறுநாள்"னு எழுதினவங்களும் உண்டு. அதுவும் தேதிதான்மா!)

இப்போ கடைசி வரி. அந்தக் கருக்கலைப்பு.

இதை முழுசா எடுத்துடலாம்னு தோணும். எடுக்க முடியாது. முந்தின கர்ப்பங்கள்ல மூச்சுத் திணறல் வந்துச்சாங்கிறது இந்த நோய்ல கண்டிப்பாக் கேட்க வேண்டிய கேள்வி. ஆனா பாருங்க, கர்ப்பத்துல ரத்த அளவு 40-ல இருந்து 50 சதவீதம் வரைக்கும் ஏறும். அந்த ஏத்தம் உச்சத்துக்கு வர்றது ஏழு, எட்டு மாசத்துல. மூணு மாசத்துக்குள்ள முடிஞ்ச கர்ப்பத்துல இதயத்துக்கு அந்தச் சோதனையே வரலை. அப்போ மூச்சு வாங்கலைன்னு சொன்னா, வால்வு அப்போ நல்லா இருந்துச்சுன்னு அர்த்தம் இல்லை. மருத்துவத்துக்கு வேண்டியது அவ்வளவுதான். எந்த வயசுல, எந்தக் கல்யாணத்துக்கு முன்னாடி, தானா கலைஞ்சதா கலைச்சதாங்கிறது இந்தக் கேஸுக்கு ஒண்ணும் செய்யலை. "முந்தைய கர்ப்பம் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் முடிந்தது, அப்போது அறிகுறி இல்லை." நிறுத்திடுங்க.

மாத்தி எழுதினது முழுசா இப்படி வரும்:

"28 வயதுப் பெண், 28 வாரக் கர்ப்பம். தலையில் சுமையுடன் நடந்து செய்யும் வேலை. ஒரே அறையில் ஆறு பேர் வசிக்கும் வீடு. மருத்துவமனை பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவு. முன்பு சுமையுடன் ஒரு கிலோமீட்டர் நடந்தவருக்கு, இரண்டு வாரங்களாக வீட்டுக்குள் நடந்தாலே மூச்சு வாங்குகிறது. நெரிசலான இடத்தில் நீண்ட நேரம் நின்றிருந்தபோது கடுமையான மூச்சுத் திணறல் ஏற்பட்டு அனுமதிக்கப்பட்டார். முந்தைய கர்ப்பம் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் முடிந்தது. அப்போது அறிகுறி இல்லை. மற்றொன்று சுகப்பிரசவம், கடைசி மாதத்தில் இருமல் மட்டும்."

படிச்சுப் பாருங்க. முதல்ல எழுதினதை விட மருத்துவம் கூடியிருக்கு, ஆள் அடையாளம் குறைஞ்சிருக்கு. ரெண்டும் எதிரும் புதிரும் இல்லைங்கிறதை நான் இந்த ஒரு பத்தியை வெச்சே பிள்ளைங்களுக்குக் காட்டுவேன்.

இன்னொரு தப்பு வழி இருக்கு. அக்கறையா படிக்கிற பிள்ளைங்கதான் அதுல போவாங்க. மறைக்கிறதுக்குப் பதிலா மாத்திடுவாங்க. மீன் வேண்டாம்னு "மலையில் தேயிலை பறிப்பவர்"னு எழுதிடுவாங்க. நல்ல எண்ணம்தான். ஆனா படிக்கிற டாக்டர் உடனே யோசிப்பாரு: எவ்வளவு உயரமான மலை? அங்க காத்துல ஆக்சிஜன் கம்மி ஆச்சே, மூச்சுத் திணறலுக்கு அதுவும் ஒரு காரணமா? இல்லாத ஒரு காரணத்தை நீங்களே நோய்க்குள்ள நுழைச்சிட்டீங்க. வயசை 28-ல இருந்து 42 ஆக்கினா கர்ப்பத்தோட ஆபத்துக் கணக்கே வேற. மருத்துவ இதழ் ஆசிரியர்களோட சர்வதேசக் குழுவான ஐ.சி.எம்.ஜே.ஈ.யும் இதைப் பத்திச் சொல்லியிருக்கு. அடையாளத்தை மறைக்கச் செஞ்ச மாற்றம் அறிவியல் பொருளைச் சிதைக்கலைன்னு எழுதினவர் உறுதி கொடுக்கணும். மங்கலாக்குங்க. பொய்யாக்காதீங்க.

அடுத்தது படங்கள். இங்கதான் கவனமா எழுதினவங்களும் கோட்டை விடுறாங்க.

ஈ.சி.ஜி. காகிதத்தோட மேல் ஓரத்துல பேரு, வயசு, நேரம் அச்சாகி வரும். எக்கோ படத்துல மூலையில பேரும் ஐ.பி. நம்பரும் படத்தோடவே ஒட்டிப் பதிஞ்சிருக்கும். கர்ப்பிணிங்க அட்டையைப் போட்டோ எடுத்தா, அதுல பிக்மி பதிவு எண், ஃபோன் நம்பர் வரைக்கும் இருக்கும். முகத்தைப் போட்டோ எடுத்துக் கண்ணுக்கு மேல கறுப்புப் பட்டை போடுற பழைய பழக்கம் பாதுகாப்பு இல்லைன்னும் அதே ஐ.சி.எம்.ஜே.ஈ. தெளிவாச் சொல்லுது. மைட்ரல் கேஸுக்கு முகம் வேண்டவே வேண்டாம், கன்னம் சிவந்திருந்தா அதை எழுத்துல சொன்னாப் போதும்.

பவர்பாயிண்ட்ல படத்தை கிராப் பண்ணா அந்த ஓரம் போயிடாது. ஒளிஞ்சுதான் இருக்கும். யார் வேணும்னாலும் ரீசெட் பண்ணிப் பார்க்கலாம். Compress Pictures-க்குள்ள போய் "Delete cropped areas of pictures" குறிச்சாத்தான் உண்மையிலேயே போகும். இன்னும் நல்லது, படத்தை வெளியவே வெட்டிப் புதுசா சேமிச்சு, அதை மட்டும் உள்ள கொண்டு வர்றது. அதே மாதிரி பி.டி.எஃப்.ல எழுத்து மேல கறுப்புக் கட்டம் வரைஞ்சா, அடியில எழுத்து அப்படியே இருக்கும். சோதிக்கிறது சுலபம்: Ctrl+A, Ctrl+C அடிச்சு நோட்பேட்ல ஒட்டிப் பாருங்க. மறைச்ச பேர் அங்க வந்து நின்னா, நீங்க மறைக்கலை. கடைசியா ஃபைலோட பேரையும் பாருங்க. உள்ள எல்லாம் சுத்தம் பண்ணிட்டு, ஃபைல் பேர்ல நோயாளி பேரும் பெட் நம்பரும் இருக்கிறதை நான் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்.

எழுத்தை இவ்வளவு பார்க்கிறோம். வாயை?

பெட்சைட்ல கேஸ் சொல்றப்போ சுத்தி பத்து மாணவர்கள், பக்கத்து பெட்காரங்க, கால்மாட்டுல மாமியார். "இங்கிலீஷ்லதானே சொல்றோம்"னு நினைக்காதீங்க. அந்த வார்டுல எத்தனை பேர் பிள்ளைங்க இன்ஜினியரிங் படிக்குது! மாமியாருக்குத் தெரிஞ்சு இது ரெண்டாவது கர்ப்பம். நீங்க "தேர்ட்"னு ஆரம்பிச்சா அந்த ஒரு எண் போதும், வீடே ரெண்டாகிடும். அதனால என் யூனிட்ல ஒரு வழக்கம்: பிரசவ ஹிஸ்டரி, தற்கொலை முயற்சி, எச்.ஐ.வி., குடி, இதெல்லாம் பெட் பக்கத்துல பேசறதில்லை. "மேடம், பாஸ்ட் ஹிஸ்டரி உள்ள போய் சொல்றேன்"னு மாணவர் சொன்னா நான் புரிஞ்சுக்குவேன். இந்த வாரம் ஒரு பையன், யாரும் சொல்லாமலே, அதைச் செஞ்சான். அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு எனக்கு.

அனுமதி விஷயம். இந்திய மருத்துவக் கவுன்சிலோட 2002 நடத்தை விதிகள்ல 7.17 சொல்றது இதுதான்: அடையாளம் தெரியிற மாதிரி போட்டோவோ கேஸ் ரிப்போர்ட்டோ பிரசுரிக்க நோயாளியோட அனுமதி வேணும், அடையாளம் வெளிய வரலைன்னா தேவையில்லை. விதி பதிவு பெற்ற டாக்டருக்கு, பிரசுரத்துக்கு. ஆனா அசைன்மென்ட்டா இருந்தாலும் கேட்டுட்டு எழுதுறதுதான் மரியாதை. ரொம்ப நேரம் ஆகாது:

"அக்கா, நான் இங்க படிக்கிற பொண்ணு. உங்களுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் நான் இல்லை. நீங்க சொல்றதை என் பாட நோட்டுல எழுதிக்கலாமா? பேரு, ஊரு எழுத மாட்டேன். எங்க மேடம் படிப்பாங்க. வேணாம்னாலும் சரிக்கா, உங்க வைத்தியம் அப்படியேதான் நடக்கும்."

கடைசி வாக்கியத்தை விட்டுடாதீங்க. அரசு ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறவங்களுக்கு, "முடியாது"ன்னு சொன்னா கவனிக்க மாட்டாங்களோங்கிற பயம் உள்ள இருந்துக்கிட்டே இருக்கும். அதை நீங்கதான் வாய்விட்டு எடுக்கணும். அப்புறம், நோட்டுக்குக் கொடுத்த அனுமதி நோட்டுக்குத்தான். ஆறு மாசம் கழிச்சு அதே கேஸைக் கான்ஃபரன்ஸ் போஸ்டரா போடணும்னா திரும்பப் போய்க் கேட்கணும், எழுத்துல வாங்கணும், எழுதினதை அவங்களுக்குப் படிச்சுக் காட்டணும்.

சில கேஸ்ல எவ்வளவு மங்கலாக்கினாலும் பலிக்காது. பேப்பர்ல வந்த கேஸ், ஊரே பேசின கேஸ், மாவட்டத்துக்கே ஒருத்தருக்குத்தான் இருக்கிற நோய். நோயோட பேரே அங்க ஆளோட பேரு. அதை அசைன்மென்ட்டுக்கு எடுக்காதீங்க, வேற கேஸ் கொடுக்கிறேன்னு சொல்லிடுவேன். அதையேதான் எழுதணும்னா எழுத்து மூலமான அனுமதி இல்லாம ஒரு வரியும் வேண்டாம்.

ஒரு மாணவி நேத்து கேட்டா: "மேடம், ஐ.பி. நம்பரும் எழுதலைன்னா, பிரசவத்துக்குத் திரும்ப வர்றப்போ ஃபாலோ-அப் எழுத இவங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

நியாயமான கேள்வி. ரெக்கார்ட்ல "எம்.எஸ். 3"ன்னு ஒரு குறியீடு மட்டும் போடுங்க. எம்.எஸ். 3-க்கு எந்த ஐ.பி. நம்பர்ங்கிறது யூனிட் அலமாரியில பூட்டி வெச்ச ஒரு தாள்ல இருக்கும். உங்க ஃபோன்ல வேண்டாம், வாட்ஸ்அப் குரூப்ல வேண்டவே வேண்டாம். தேவைப்பட்டா வந்து கேளுங்க, பார்த்துச் சொல்றேன். கடைசி ஃபாலோ-அப் எழுதி, மார்க் போட்டு முடிச்ச அன்னிக்கு அந்தத் தாளைக் கிழிச்சுடுவோம்.